ஆட்டுக்குச் சொன்னது

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சொல்றாங்க மேடம்.”

“இதில் என்னம்மா தப்பு? நல்ல வார்த்தைதானே?” என்று கேட்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் என்னை ஒரு நொடி பார்த்தார். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தார், குடிக்காமலே மூடி வைத்தார். அன்றைய அமர்வு முடியும்வரை நான் கேட்டதற்கெல்லாம் “ஆமா”, “இல்ல” என்ற இரண்டே பதில்கள்தான். மனுதாரர் ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வழக்கில் நான் செய்த தவறுகளுக்கு அதுதான் தொடக்கம்.

நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவள். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் சேர்ந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. தமிழ்தான் தாய்மொழி, ஆகவே மொழி ஒரு சிக்கலாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. இங்கே எழுதுவதில் ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சுகளை மட்டும் முடிந்தவரை சொன்னபடியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் இந்த வழக்கே அந்தப் பேச்சுகள்தான்.

பெண்ணுக்கு இருபத்தேழு வயது. பிறந்த வீடு திருவில்லிபுத்தூர்ப் பக்கம். அப்பா இல்லை, அம்மாவும் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனும்தான். கணவர் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். புகுந்த வீடு சிவகாசிக்கு வெளியே ஒரு கிராமத்தில். மாமியார், அதிகம் பேசாத மாமனார், இரண்டு வயதுப் பெண் குழந்தை, தொழுவத்தில் இரண்டு ஆடுகள். கணவரின் தங்கையைக் கட்டிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. குழந்தைக்குக் குலதெய்வம் கோயிலில் காது குத்திய அன்றே, மண்டபத்திலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனவர் மூன்று மாதமாகத் திரும்பவில்லை.

அவர் கொடுத்த மனுவில் மாமியார் பேசியதாகப் பதினான்கு பேச்சுகள் இருந்தன. அடித்ததாக ஒன்றும் இல்லை, கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. பதினான்கையும் படித்துவிட்டு இரு தரப்பையும் ஒருமுறை கேட்டு, என் முதல் அறிக்கையை எழுதினேன். “மாமியார் கடுஞ்சொல் எதுவும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை; மனுதாரரின் சமையலைப் பாராட்டியிருக்கிறார், மரியாதையாகவே விளிக்கிறார். மாறாக, மனுதாரரின் சகோதரர் கணவரிடம் கொலை மிரட்டல் விடும் தொனியில் பேசியிருக்கிறார்.”

இது சும்மா ஒரு குறிப்பு அல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், அவமதிப்பதையும் ஏளனம் செய்வதையும் சிறுமைப்படுத்துவதையும் சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும் வன்முறையாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அவமதிப்பு நடந்ததா என்று முதலில் எழுதுகிற கை எங்களைப் போன்றவர்களுடையது. “கடுஞ்சொல் இல்லை” என்று நான் எழுதிவிட்டால், அடுத்து அந்தத் தாளைப் படிக்கிறவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.

அறிக்கையைக் கையெழுத்துக்காக மூத்த ஆலோசகரிடம் கொண்டுபோனேன். அவர் சாத்தூர்க்காரர். சமையலைப் பாராட்டிய இடத்தில் சிரித்தார். கொலை மிரட்டல் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

“என்ன சொன்னானாம் அந்தப் பையன்?”

“‘மாப்ளே, ஒழுங்கா வந்து சேரு, இல்லேன்னா வெட்டி ஊறுகாய் போட்ருவேன்’னு, ஃபோன்ல.”

“ஏம்மா, அவங்க ரெண்டு பேரும் மச்சான் மாப்பிள்ளை. இப்படிப் பேசாம ‘சொல்லுங்க மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா’ன்னு கேட்டிருந்தாத்தான் நீ பயப்படணும்.”

மனைவியின் அண்ணனுக்கும் தங்கை கணவனுக்கும் இடையே கேலி உரிமை உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு புகார்க் கோப்புக்குள் அதைப் பார்த்தபோது தெரிந்தது மறந்துபோனது. பிறகு விசாரித்ததில், அந்த இரண்டு குடும்பத்திலும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே என்று தெரிந்தது. வாரம் ஒருமுறை மாப்பிள்ளை பட்டறைக்கே போய் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். ஆக, என் அறிக்கையில் வசவு எல்லாம் பாராட்டாகவும், குடும்பத்தில் மிச்சமிருந்த ஒரே பிரியம் கொலை மிரட்டலாகவும் ஏறியிருந்தது.

மூத்தவர் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, பதினான்கு பேச்சையும் மறுபடி கேட்டு எழுதச் சொன்னார். “என்ன சொன்னாங்கன்னு மட்டும் எழுதாத. அப்போ முகம் யார் பக்கம் இருந்துச்சு, யாரு காதுல விழுற தூரத்துல இருந்தா, அதுக்கு அரை மணி நேரம் முன்னால என்ன நடந்துச்சு, கேட்டவ என்ன பண்ணா. இதை எழுது. அப்புறம் இன்னொண்ணு, அவங்க சொன்ன வார்த்தைய நீ உன் தமிழுக்கு மாத்தாத.”

ஆடு

மறுபடி கேட்டதில் முதல் பிடி கிடைத்தது ஆட்டுப் பேச்சில்தான். மனுவில் அது இப்படி இருந்தது: “ஆட்டைத் திட்டுவதுபோல் என்னைத் திட்டுகிறார்.” மாமியாரிடம் கேட்டதற்கு, “நான் ஆட்டத்தாம்மா வஞ்சேன். ஆட்ட வஞ்சா இவளுக்கு எதுக்குக் குத்தணும்?” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருந்தது.

இம்முறை வார்த்தைகளை அப்படியே வாங்கி எழுதினேன். “எம்புட்டுக் குழை கட்டினாலும் அடுத்த வீட்டு வேலியத்தான் மேயும். வளத்த வீடு அப்படி.” அரை மணி நேரம் முன்னால் நடந்தது: பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டு மருமகளுக்குக் குழிப்பணியாரம் கொடுத்திருக்கிறார். இவர் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்திருக்கிறார். ஆடு அடுத்த வீட்டு வேலியை மேய்ந்ததும் உண்மைதான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஆட்டை வாங்கியது எங்கே என்று கேட்டபோது, “வாங்கலையே, நம்ம தொழுவத்துலயே பெறந்தது” என்று மாமனார் சொன்னார். அப்படியென்றால் ‘வளத்த வீடு’ எது? ஆட்டை வளர்த்த வீடு மாமியாரின் சொந்த வீடுதான்.

ஜாடைப் பேச்சை அடையாளம் காண எனக்குக் கிடைத்த உருப்படியான வழி இதுதான். மேலுக்கு யாரிடம் பேசப்படுகிறதோ, அந்த ஆட்டுக்கோ பூனைக்கோ குழந்தைக்கோ பொருந்தாத ஒரு சொல் எங்காவது உள்ளே இருக்கும். அதை வைக்காவிட்டால் சேர வேண்டிய ஆளுக்குச் சேராது. வைத்துவிட்டு, கேட்டால் இல்லை என்று சொல்லவும் முடியும். ஆட்டுக்கு வளர்த்த வீடு கிடையாது, பூனைக்குப் பட்டுச் சேலை கிடையாது, இரண்டு வயதுக் குழந்தைக்கு மதியத் தூக்கத்தில் குற்றம் கிடையாது. “நீ அழுகாதடி, மகாராணி தூங்கணும்ல” என்பதில் குழந்தை பொய்யான முகவரி. மகாராணி உள்ளறையில் படுத்திருக்கிறார், கதவு திறந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சங்கப் பாட்டு படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. ‘தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைவிக்குச் சொல்லியது’ என்று எத்தனை குறுந்தொகை, நற்றிணைப் பாட்டுகளுக்கு அடிக்குறிப்பு உண்டு! வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான் என்று தெரிந்தே, தோழி தலைவியிடம் பேசுவதுபோல் அவனுக்குப் பேசுகிறாள். எதிரே நிற்பவரைக் குறித்து வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொல்வதற்கு முன்னிலைப் புறமொழி என்று தொல்காப்பியம் பெயரே வைத்திருக்கிறது. மதிப்பெண்ணுக்காக இதையெல்லாம் மனப்பாடம் செய்தவள்தான் நானும். தோழி இடத்தில் ஒரு வெள்ளாடு நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் கேட்கிறவருக்கு ஒரு பொறி உண்டு. பதில் சொன்னால், “உன்னையா சொன்னேன்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது பாரு” என்று வரும். சொல்லாவிட்டால் வாங்கிக்கொண்டதாக ஆகும். ஆகவே பதில் வாயிலிருந்து வராது, பாத்திரத்திலிருந்து வரும். பணியாரத்தன்று மருமகள் அண்டாவைத் தொட்டியில் போட்ட சத்தம் மாமனாருக்குத் தெருவில் கேட்டிருக்கிறது. அதற்கு மாமியார், “பாத்திரம் எல்லாம் நம்ம சம்பாதிச்சது, அதான் இந்தச் சத்தம்” என்று மறுபடி ஆட்டிடம் சொல்லியிருக்கிறார். யாருக்கு விழுந்தது என்று தெரிந்துகொள்ள, பேசியவரைவிடக் கேட்டவரின் கையைப் பார்ப்பது நல்லது. தனக்கு என்று தெரிந்தவர் கை ஒரு நொடியாவது நிற்கும், அல்லது சத்தம் போடும்.

நான் அழித்த எழுத்துகள்

சமையலைப் பாராட்டிய கதை இது. மாமியார் சொன்னது: “குழம்பு நல்லாத்தான் இருக்கு.” நான் எழுதியது: “குழம்பு நன்றாக இருப்பதாகக் கூறியுள்ளார்.” அந்தத் ‘தான்’ போன இடத்தோடு பேச்சின் முழுப் பொருளும் போய்விட்டது. நல்லாத்தான் இருக்கு என்றால், நல்லா இருக்கு, ஆனால் என்று நிறுத்துவது. அந்த ‘ஆனால்’ என்ன என்று கேட்கிறவர் தானே இட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: “அவங்க வீட்டுல தினமும் ரெண்டு கூட்டு வைப்பாங்களாம்.” நான் ‘வைப்பார்களாம்’ என்பதை ‘வைப்பார்கள் என்று குறிப்பிட்டார்’ என்று திருத்தியிருந்தேன். கடைசியில் வரும் ‘ஆம்’ வெறும் செவிவழிச் செய்தி என்று இலக்கணம் படித்த மூளை எடுத்துக்கொண்டது. அடுப்படியில் அந்த ‘ஆம்’, சொல்லிக்கிறாங்க, நீங்களே நம்பினா நம்புங்க என்று சொல்கிறது. பேச்சுத் தமிழை அறிக்கைத் தமிழுக்கு மாற்றும்போது நாம் முதலில் வெட்டுவது இந்த ஒட்டுச் சொற்களைத்தான். தான், ஆம், ஆக்கும், கூட என்று வரும் இவை அழகுக்காக ஒட்டியவை என்று நினைத்துக்கொள்கிறோம். ஜாடை குடியிருப்பதே அவற்றுக்குள்தான்.

மரியாதை விஷயம் இதைவிட மோசம். “எந்திரிச்சுட்டீங்களா?” என்று மாமியார் கேட்டதை நான் மரியாதையான விளிப்பு என்று எழுதினேன். அந்த வீட்டில் மாமியார் மருமகளை ‘நீ’ என்றும், மனசு நன்றாக இருந்தால் ‘தாயி’ என்றும்தான் கூப்பிடுவார். நான்கு வருடத்தில் ‘நீங்க’ வந்த நாள்களை அந்தப் பெண் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஒவ்வொன்றும் ஒரு சண்டைக்கு மறுநாள். மரியாதை கூடினால் உறவு அந்த அளவு தள்ளிப் போகிறது. சென்னையில் என் மாமியாரும் நானும் எப்போதும் ‘நீங்க’, ‘நீ’ கலந்து பேசுகிறவர்கள், அதனால் எனக்கு அது உறைக்கவில்லை. எந்த வீட்டின் வழக்கம் எது என்று தெரியாமல் ஒரு ‘நீங்க’வை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

காதுகுத்து

வழக்கு வெடித்த நாள் இது. விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு மாமியார், மருமகளின் அண்ணனுக்கு ஃபோன் செய்திருக்கிறார். “நாங்க எதுவும் எதிர்பார்க்கலப்பா. உன் மருமகளுக்கு நீ ஆசைப்பட்டதச் செய்யி. நாலு பேரு வருவாங்க, அம்புட்டுத்தான்.” முதல் வாசிப்பில், எதிர்பார்ப்பு எதுவும் இல்லை என்று குறித்திருந்தேன். அந்த அண்ணனோ ஃபோனை வைத்துவிட்டு நேராகக் கடன் கேட்கப் போயிருக்கிறார். எதிர்பார்ப்பு முழுவதும் ‘நாலு பேரு வருவாங்க’ என்பதில் இருந்தது அவருக்குத் தெரியும். நகை, பணம் கேட்டுத் தொல்லை கொடுப்பதைத் தண்டிக்கும் சட்டப் பிரிவு பழைய தண்டனைச் சட்டத்தில் 498ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86. அந்த மாதிரி வழக்குகளில் ‘நாங்கள் எதுவும் கேட்கவில்லை’ என்று ஒரு தரப்பு சொல்வதும், ‘கேட்டார்கள்’ என்று மறு தரப்பு சொல்வதும், இரண்டு பேரும் பொய் சொல்லாமலே நடக்கக்கூடியது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. இந்த ஒரு ஃபோன் பேச்சைக் கொண்டு அதைக் குற்றம் என்று நிறுவ முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்று நானே எழுதியது தப்பு என்கிறேன்.

தாய்மாமன் இருபத்தொரு தட்டுச் சீரோடு வந்தார். பழம், பூ, இனிப்பு, குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, ஒரு கிராமில் கம்மல். மடியில் உட்கார வைத்துக் காது குத்தியாயிற்று. தட்டுகளை வரிசையாக வைத்திருந்த இடத்துக்கு மாமியார் வந்து நின்று, எல்லார் முன்னாலும் சொன்னார்: “சம்பந்தியம்மா, தட்டு நெறையக் கொண்டாந்துட்டீங்க. எங்களுக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு.”

கண்தான் நிறைந்தது, கை நிறையவில்லை, மனசும் நிறையவில்லை. இதைக்கூட நான் மூத்தவர் சொல்லாமலே இரண்டாம் முறையில் பிடித்தேன். பிடிக்காமல் விட்டது ‘சம்பந்தியம்மா’வை. அதுவரை அந்த அம்மாவை அவர் கூப்பிட்டது ‘மதினி’. நாலு வருட மதினி அன்றைக்குச் சம்பந்தியம்மா ஆனார்.

அதற்குப் பெண்ணின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: “எங்க கை சின்னக் கை. உங்க கை எட்டுற தூரம் எங்களுக்கு எட்டுமா?” என் முதல் குறிப்பு: “பெண்ணின் தாயார் தாழ்மையாகப் பதிலளித்தார்.” அந்தத் தாழ்மையைக் கேட்ட மாமியார் சாப்பிடாமல் மண்டபத்தை விட்டு இறங்கிவிட்டார். கணவர், “எங்க அம்மாவத் திருடின்னு சொல்லிட்டாங்க” என்று மனைவியிடம் கத்தினார். ‘திருடி’ என்று யாருமே சொல்லவில்லையே என்று நான் அவரிடம் கேட்டிருந்தேன், அதுவும் எழுத்தில் இருக்கிறது. ‘கை நீளம்’ என்ற சொல்லைச் சொல்லாமல், அதன் அளவை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அந்த அம்மா.

எட்டுப் பவுன்

எதற்கு எட்டிய கை? இந்தக் கேள்வியை நான் முதல் அமர்விலேயே கேட்டிருக்க வேண்டும்.

கணவரின் தங்கை கல்யாணத்துக்காக மருமகளின் எட்டுப் பவுனை வாங்கி வங்கியில் அடகு வைத்திருக்கிறார்கள். ஐந்து பவுன் ஆரம், மூன்று பவுன் வளையல். அவரும் சம்மதித்துத்தான் கழற்றிக் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து வளையல் மீண்டு வந்தது. ஆரம் வரவில்லை. கேட்டபோதெல்லாம் “வந்துரும்” என்ற பதில்தான். உண்மையில் கெடு முடிந்தபோது வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்திருக்கிறார்கள். அசல் கட்டப் பணம் இல்லை என்று மருமகளிடம் சொல்லக் கணவருக்கு வெட்கம், மாமியாருக்கு வீம்பு. மருமகளோ, நாத்தனார் கழுத்தில் அதே மாதிரி ஒரு ஆரத்தை ஒரு கல்யாணத்தில் பார்த்துவிட்டார். அது வேறு ஆரம். ஆனால் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு பதினான்கு பேச்சையும் மறுபடி பார்த்தபோது, ஒன்பது பேச்சு ஆரத்தைச் சுற்றியே நின்றது. ‘தாயைப் போல பிள்ளை’ எப்போது வந்தது? பெண்ணின் அம்மா ஊருக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போதே ஆரம் என்னாச்சு என்று கேட்டுப் போயிருக்கிறார். மறுநாள் மருமகள் கணவனிடம் அடகு ரசீதைக் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம், பேத்திக்குத் தலை சீவிக்கொண்டே மாமியார் இந்தப் பழமொழியைச் சொன்னார். ஆத்தா வந்து சந்தி சிரிக்க வைத்தாள், மகளும் அதே வழியில் நிற்கிறாள் என்று பொருள். பேத்தியின் தலையில் சீப்பு ஓடிக்கொண்டிருக்க, அது பாட்டி பேத்தியைக் கொஞ்சுவதாகத்தான் வெளியாளுக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மருமகளையும் வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். மனுவில் அவர் பேசியது எதுவும் இல்லை, யார்தான் தன் பேச்சை எழுதிக் கொடுப்பார்கள்? மாமியார் தரப்பைக் கேட்டபோது வந்தது. ஆடிக்கு நாத்தனார் வந்திருந்தபோது, மாமியார் மகள் இலையில் நெய்யைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார். மருமகள் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டியபடியே, “ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே” என்று ராகம் போட்டிருக்கிறார். யாருடைய நகையில் யாருக்குக் கல்யாணம் நடந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நாத்தனார் அன்று இரவே கிளம்பிவிட்டார். இன்னொரு நாள் பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டே, “ஆனைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம் வரும்டி” என்று அதனிடம் சொல்லியிருக்கிறார். முதல் முறை இதை மாமியார் சொன்னபோது, மருமகள் பூனையிடம் பேசுவதைக்கூடக் குற்றமாக எடுத்துக்கொள்கிறார் என்று நான் அவருக்கு எதிராக எழுதினேன். இரண்டு பேருக்கும் சமமாக அநியாயம் செய்திருக்கிறேன், அந்த ஆறுதல் மட்டும் உண்டு.

கூட்டு அமர்வில் நான் எந்தப் பேச்சையும் எடுத்துப் படிக்கவில்லை. படித்திருந்தால் பதினான்குக்கும் பதினான்கு மறுப்பு வந்திருக்கும், எல்லாமே சரியான மறுப்பாகவும் இருந்திருக்கும். ஜாடை அப்படி மறுப்பதற்காகவே கட்டப்படுகிறது. அடகு ரசீதை மட்டும் கேட்டேன். கணவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மூன்று வாரமாக அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார் மனிதர். மனைவி அதை வாங்கி இரண்டு முறை படித்தார். தேதி, எடை, மறு அடகு வைத்த நாள், எல்லாம் அதில் இருந்தது. ஆரம் நாத்தனார் கழுத்தில் இல்லை, வங்கியில்தான் இருக்கிறது.

வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெண்ணின் அம்மா, மாமியாரைப் பார்க்காமல், மகளைப் பார்த்து, “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மதினிகிட்ட நான் ஏன் அப்படிப் பேசப் போறேன்?” என்றார். அதுவும் ஜாடைதான், வழி மட்டும் வேறு. மன்னிப்பு கேட்பதையும் நேராகக் கேட்காமல் மகள் வழியாக அனுப்பினார். மதினி திரும்பி வந்துவிட்டதை நான் இம்முறை குறித்துக்கொண்டேன்.

ஏற்பாடு எளிதானது. ரசீது மருமகள் கையில் இருக்கும். அசலை நான்கு தவணையாகக் கட்டுவது, தீபாவளி போனஸ் முழுவதும் முதல் தவணைக்கு. மாப்பிள்ளைக்குக் குறைகிற பணத்தை மச்சான் கொடுப்பதாகச் சொன்னார், “இல்லேன்னா ஊறுகாய்தான்” என்ற சேர்க்கையோடு. என் பேனா மேசையிலேயே இருந்தது.

எல்லாம் தெளிந்துவிடவில்லை. பதினான்கில் மூன்று பேச்சு எதைக் குறித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு, ஆரத்தோடு தொடர்பில்லாத, மருமகளின் நிறத்தைப் பற்றிய சுத்தமான வன்மம். அதற்கு எந்த ரசீதும் பதில் இல்லை. அதைத் தனியாக மாமியாரிடம் நேரடியாகவே பேசினேன், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்து. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. அடுத்த சில வாரங்கள் யார் என்ன பேசினாலும் உள்ளே ஏதோ இருப்பதாகப் பட்டது. அமர்வின் நடுவே மாமனார், “மழை வரும்போல இருக்கு” என்றபோது, யார் அழப்போகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். கொடியில் நெல் மூட்டைச் சாக்கு காய்கிறதாம், அதற்காகச் சொன்னார். மழையும் வந்தது.

அந்தப் பெண் புகுந்த வீட்டுக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்து ஃபோனில் பேசினார். இரண்டு தவணை கட்டியாகிவிட்டது. மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“அப்படியேதான் மேடம். காலையில எந்திரிச்சதும் ஆட்டத் திட்டுறாங்க. ஆனா இப்ப ஆட்டத்தான் திட்டுறாங்க.”

“எப்படிச் சொல்றீங்க?”

“நான் அம்மா வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆச்சு. நேத்தும் திட்டுனாங்களாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க.”